சேவ் செய்த கேள்விகள் ஏன் தேர்வில் நினைவுக்கு வருவதில்லை?

"அண்ணா, குரூப் 4 படிக்கிற நண்பர்கள் 60 பேர் இருக்கிற டெலிகிராம் குழுவில் தினமும் 5 கேள்வி போடுகிறேன். 'விடையை கமெண்டில் சொல்லுங்கள், பதிவை சேவ் செய்து வையுங்கள்' என்று கீழே எழுதுவேன். இரவு 9 மணிக்கு விடை சொல்வேன். எல்லோரும் ஆர்வமாகத்தான் பதில் போடுகிறார்கள். ஆனால் போன மாதம் போட்ட அதே கேள்விகளை வைத்து ஒரு மாதிரித் தேர்வு நடத்தினால் பாதிக்கு மேல் தப்பு. கேள்வியில் குறையா, படிக்கிறவர்களிடம் குறையா?"

இரண்டிலும் பெரிய குறை இல்லை. கேள்வி போட்ட பிறகு நடப்பதில்தான் குறை. பதிலை ஒருவர் எந்த நிலையில் சொல்கிறார், சரியான விடை அவருக்கு எப்போது தெரிகிறது, அந்தக் கேள்வி திரும்ப எப்போது அவர் முன்னால் வருகிறது, இந்த மூன்றையும் மாற்றினால் இதே 60 பேர், இதே பாடம், வேறு மதிப்பெண் வாங்குவார்கள்.

முதலில் அந்த 'சேவ்' விஷயம். சேவ் செய்த பதிவில் கேள்வியும் இருக்கிறது, விடையும் இருக்கிறது. பத்து நாள் கழித்து அதைத் திறப்பவர் கேள்வியைப் படித்த கையோடு விடையையும் பார்த்துவிடுவார். "ஆமாம், இது தெரியுமே" என்று தோன்றும். அது தெரிந்தது அல்ல, அடையாளம் கண்டுகொண்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்த பத்தியே அதிகம் நினைவில் இருந்தது: 81 விழுக்காடு, மற்றது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தது 42, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது 56. சேவ் செய்த பதிவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர் முதல் வகையில் படிப்பவர். அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது போலவே இருக்கும்.

அடுத்தது கமெண்டில் விடை சொல்வது. முதல் ஆள் "இ" என்று போட்டுவிட்டால் அடுத்து வரும் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு அந்த "இ" கண்ணில் பட்டுவிடும். அப்புறம் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? அதைவிடச் சிக்கல், இரவு 9 மணி வரை விடையை நிறுத்தி வைப்பது. காலையில் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தவர் நாள் முழுக்க அதைச் சரி என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார். இரவு வந்து விடை பார்க்காமல் விட்டால், அந்தத் தவறே அவர் நினைவில் தங்கிவிட வாய்ப்பு உண்டு. நான்கு விடைக் கேள்விகளில், தேர்ந்தெடுத்த தவறான விடையைப் பிறகு உண்மை என்றே எழுதும் பழக்கம் இருப்பதை ரோடிகரும் மார்ஷும் 2005இல் காட்டியிருக்கிறார்கள். சரியான விடையைச் சொல்லிவிட்டால் அந்தக் கெடுதல் குறைகிறது என்று பிந்தைய ஆய்வு சொல்கிறது. ஆர்வத்தைத் தக்கவைக்க விடையை ஒளித்து வைப்பது பதிவுக்கு நல்லது, படிப்பவருக்கு நல்லதல்ல.

ஆகவே கமெண்டை விட்டுவிட்டு டெலிகிராமில் உள்ள வினாடி வினா வாக்கெடுப்பைப் பயன்படுத்துங்கள். வாக்களிக்கும் வரை மற்றவர்கள் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியாது. தொட்ட உடனே சரியா தவறா என்று காட்டிவிடும், மாற்றவும் முடியாது. விளக்கம் எழுதவும் இடம் இருக்கிறது. பெயர் தெரியாத முறையில் வையுங்கள். இல்லாவிட்டால் தப்பாகப் போட்டால் கேலி செய்வார்களோ என்று பலர் தொடவே மாட்டார்கள்.

ஒரு சின்ன தொழில்நுட்பத் தொல்லை உண்டு. கேள்வியின் நீளத்துக்கு அங்கே வரம்பு உண்டு, ஒவ்வொரு விடைக்கும் 100 குறியீடு, விளக்கத்துக்கு 200. தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் கணினி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும். "பஞ்சாயத்து" என்பது நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. கூற்று வகைக் கேள்வியெல்லாம் உள்ளே அடங்காது. அப்படிப்பட்டவற்றில் கூற்றுகளை மேலே சாதாரணச் செய்தியாகப் போட்டுவிட்டு, வாக்கெடுப்பில் "மேலே உள்ளவற்றில் சரியானவை எவை?" என்று மட்டும் வையுங்கள்.

இனி கேள்விக்கு வருவோம். குரூப் 4 பொது அறிவில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஊராட்சி அமைப்பு. பெரும்பாலான வினாடி வினாக்களில் இப்படி ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கும்:

73வது அரசியலமைப்புத் திருத்தம் எந்த ஆண்டு?
(அ) 1990 (ஆ) 1991 (இ) 1992 (ஈ) 1993

இதில் இரண்டு கோளாறு. ஒன்று, இரண்டு விடைகளுக்கு வாதம் உண்டு. சட்டத்தின் பெயரிலேயே 1992 இருக்கிறது, நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 1992 டிசம்பரில். ஆனால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது 1993 ஏப்ரல் 20, நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. "எந்த ஆண்டு" என்று மொட்டையாகக் கேட்டால் நன்றாகப் படித்தவர்தான் குழம்புவார், மேலோட்டமாகப் படித்தவர் தப்பித்துவிடுவார். இரண்டு, 1990, 1991 என்ற விடைகள் வெறும் நிரப்பல். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு என்ன தெரியவில்லை என்று உங்களுக்கு எதுவும் தெரியாது, அவருக்கும் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

இப்படி மாற்றிப் பாருங்கள்:

73வது அரசியலமைப்புத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் எது?
(அ) 1959 அக்டோபர் 2
(ஆ) 1993 ஏப்ரல் 24
(இ) 1993 ஜூன் 1
(ஈ) 1994 ஏப்ரல் 22

விடை (ஆ). ஆனால் மற்ற மூன்றும் இதே பாடத்தில் உள்ள உண்மையான நாட்கள். 1959 அக்டோபர் 2, ராஜஸ்தானின் நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ் அமைப்பைத் தொடங்கி வைத்த நாள். 1993 ஜூன் 1, நகர உள்ளாட்சிகளுக்கான 74வது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். 1994 ஏப்ரல் 22, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். ஒருவர் (இ) தொட்டால் 73க்கும் 74க்கும் குழம்புகிறார். (ஈ) தொட்டால் மத்தியச் சட்டத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் குழம்புகிறார். (அ) தொட்டால் பாடத்தின் வரலாற்றுப் பகுதியோடு நின்றுவிட்டார் என்று அர்த்தம். தவறான விடையே நோயைச் சொல்லிவிடுகிறது.

விளக்கத்தில் "சரியான விடை ஆ" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள், அதைத்தான் வாக்கெடுப்பே காட்டுகிறதே. மற்ற மூன்றும் என்ன என்று எழுதுங்கள்:

"1.6.93 = 74வது (நகராட்சி). 2.10.59 = நாகௌர், ராஜஸ்தான். 22.4.94 = த.நா. ஊராட்சிகள் சட்டம். 24.4 = பஞ்சாயத்து ராஜ் நாள்."

இது 200க்குள் தாராளமாக அடங்கும். ஒரு கேள்வியில் நான்கு செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு கேள்வி எழுத இப்படிக் கால் மணி நேரம் ஆகும். தினமும் ஐந்து என்றால் முடியாது, முடியவும் தேவையில்லை. அதற்குக் காரணம் கீழே வருகிறது.

ஐந்தாவது விடையாக "தெரியவில்லை" என்பதையும் வையுங்கள். டிஎன்பிஎஸ்சி விடைத்தாளிலேயே "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது வட்டம் இருக்கிறது. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் அங்கே ஊகித்து எழுதுவதே லாபம். ஆனால் பயிற்சியில் ஊகம் உங்களை ஏமாற்றும். கணக்கைப் பாருங்கள். 60 பேரில் 24 பேர் சரி. 40 விழுக்காடு, பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் உண்மையில் 12 பேருக்குத்தான் விடை தெரிந்திருக்கலாம். மீதி 48 பேரும் நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டிருந்தால் அதில் 12 பேருக்குச் சரியாகவே அமையும். 12ம் 12ம் 24. ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கேள்வியை நீங்கள் "ஐந்தில் இருவருக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்வீர்கள்.

வாக்குகள் எப்படி விழுந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். தவறான வாக்குகள் மூன்று விடைகளிலும் சமமாகச் சிதறியிருந்தால் அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை. கேள்வி போட்டுப் பயனில்லை, "சமூக அறிவியல் புத்தகத்தில் உள்ளாட்சிப் பாடத்தை முதலில் படியுங்கள்" என்று சொல்லுங்கள். எல்லாத் தவறுகளும் ஒரே விடையில், அதாவது ஜூன் 1இல் குவிந்திருந்தால் படித்திருக்கிறார்கள், குழம்பியிருக்கிறார்கள். அதற்கு ஒரு சின்ன ஒப்பீட்டு அட்டவணை போதும்: 73க்குப் பகுதி 9, 11வது அட்டவணை, 29 இனங்கள், 74க்குப் பகுதி 9ஏ, 12வது அட்டவணை, 18 இனங்கள். குழுவில் நன்றாகப் படிப்பவர்களே ஒட்டுமொத்தமாக வேறொரு விடையில் நின்றால், அவர்களைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். டிஎன்பிஎஸ்சியே தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டுவிட்டுத்தான் இறுதி செய்கிறது.

சரி, இப்போது முக்கியமான பகுதி: திரும்ப வருவது. ஒரு கேள்வியை ஒரே ஒரு முறை போட்டால் அது பெரும்பாலும் சோதனையாகவே முடிந்துவிடும். மனதில் நிற்க வேண்டுமென்றால் மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி கேட்க வேண்டும். நான் சொல்லும் இடைவெளி மூன்று நாள், பத்து நாள், ஒரு மாதம். இந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை, இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் விஷயம். ஜூன் 1இல் போட்ட கேள்வி ஜூன் 4, ஜூன் 11, ஜூலை 1 ஆகிய நாட்களில் திரும்ப வரும்.

இதனால் வேலைப்பளு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். தினமும் ஒரு புதிய கேள்வி என்றால், ஒரு மாதம் கழித்து ஒரு நாளில் ஒரு புதியதும் மூன்று பழையதும், ஆக நான்கு. தினமும் ஐந்து புதிய கேள்வி என்றால் இருபது. யாரும் இருபதைத் தொடமாட்டார்கள், இரண்டாவது வாரத்திலேயே குழுவை ஊமையாக்கிவிடுவார்கள். அதனால்தான் ஐந்து வேண்டாம், இரண்டு போதும் என்கிறேன். எட்டுக் கேள்வி, ஐந்து நிமிடம், டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

திரும்ப வரும்போது அதே கேள்வியை அப்படியே போடாதீர்கள். விடை "ஆ" என்ற இடம்தான் நினைவில் நிற்கும், நாள் நிற்காது. பாடம் அதே, கேள்வி வேறு. மூன்றாம் நாள் இப்படி:

11வது அட்டவணையில் உள்ள இனங்கள் எத்தனை?
(அ) 18 (ஆ) 22 (இ) 29 (ஈ) 97

விடை 29. 18 என்பது 12வது அட்டவணை, 22 என்பது 8வது அட்டவணையில் உள்ள மொழிகள், 97 என்பது மத்தியப் பட்டியலில் தொடக்கத்தில் இருந்த இனங்கள். நிரப்பல் ஒன்றுகூட இல்லை.

பத்தாம் நாள், விடைகளே தராமல் கேட்டுப் பாருங்கள்: "73, 74 இரண்டுக்கும் பகுதி, அட்டவணை, இனங்கள். தாளில் எழுதிவிட்டு, கீழே மறைத்திருக்கும் விடையைத் தொட்டுப் பாருங்கள்." டெலிகிராமில் ஒரு வரியை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது, தொட்டால்தான் தெரியும். நான்கில் ஒன்றைப் பொறுக்குவதைவிட இது கடினம், அதனாலேயே நன்றாக நிற்கும்.

ஒரு மாதம் கழித்துக் கூற்று வகை:

1. ஊராட்சி உறுப்பினராவதற்குக் குறைந்தபட்ச வயது 25.
2. மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேற்படாத மாநிலங்கள் இடைநிலை ஊராட்சியை அமைக்காமல் இருக்கலாம்.
3. அரசியலமைப்பின்படி பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும்.

முதல் கூற்று தவறு, வயது 21. 25 என்பது சட்டமன்றத்துக்கு. மற்ற இரண்டும் சரி. இங்கே விடைகளை எப்படி அடுக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். வழக்கமாக "1 மட்டும்; 2, 3 மட்டும்; 1, 3 மட்டும்; 1, 2, 3" என்று போட்டுவிடுவார்கள். வயது 21 என்று மட்டும் தெரிந்தவர் 1 உள்ள மூன்று விடைகளையும் அடித்துவிட்டு மீதியைத் தொட்டுவிடுவார். இரண்டாவது, மூன்றாவது கூற்றைப் படிக்கக்கூட வேண்டியதில்லை. "2 மட்டும்; 3 மட்டும்; 2, 3 மட்டும்; 1, 2, 3" என்று அடுக்கினால் வயது தெரிந்த பிறகும் மூன்று விடைகள் மிஞ்சும், இரண்டு கூற்றுகளையும் எடைபோட்டே ஆக வேண்டும். தேர்வாளர்கள் எல்லா நேரமும் இவ்வளவு கவனமாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட கேள்வி தேர்வில் வந்தால் நம் பிள்ளைகள் அந்தக் குறுக்கு வழியில் போகட்டும், பயிற்சியில் வேண்டாம்.

மூன்றாவது கூற்றில் "அரசியலமைப்பின்படி" என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. "தமிழ்நாட்டில்" என்று கேட்டால் விடை மாறும். இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுக் கேட்டால் குழுவில் சண்டைதான் நடக்கும்.

முதல் சுற்றில் ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொன்ன கேள்விக்குப் பத்தாம் நாள் சுற்றைத் தாண்டிவிடலாம், ஒரு மாதச் சுற்று போதும். இதற்கெல்லாம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தலைப்பு, போட்ட தேதி, எத்தனை பேர் சரி, அடுத்த தேதி, எந்த வகுப்புப் புத்தகத்தில் எந்தப் பக்கம். கடைசியில் சொன்ன புத்தகப் பக்கம் இல்லாமல் ஒரு கேள்வியும் வெளியே போக வேண்டாம்.

பிறகு, 'சேவ் செய்யுங்கள்' என்ற வரி. எடுத்துவிட வேண்டியதில்லை, எதை சேவ் செய்வது என்று மாற்றிச் சொல்லுங்கள். "தவறாகச் சொன்னவற்றை மட்டும் சேவ் செய்யுங்கள்." அறுபது கேள்வியையும் சேமித்தவர் ஒன்றையும் திறக்கப் போவதில்லை, எட்டு மட்டும் இருந்தால் திறப்பார். சேமிக்கும் வடிவமும் முக்கியம். வாக்களித்த வாக்கெடுப்பை அப்படியே அனுப்பி வைத்தால் விடை பளிச்சென்று தெரியும். அதற்குப் பதில் கேள்வியை மட்டும், விடைகள் இல்லாமல், தங்கள் சேமிப்புப் பகுதியில் ஒரு வரியாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அங்கேயே நினைவூட்டல் வைக்கலாம். மூன்று நாள் கழித்து "73 நடைமுறைக்கு வந்த நாள்? 74?" என்று அவர்களுடைய கைப்பேசியே அவர்களைக் கேட்கும். சரியாகச் சொன்னால் அழித்துவிடலாம். சொல்ல முடியாவிட்டால் இன்னொரு தேதி.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. குரூப் 4இல் 200 கேள்விகளில் 25 திறனறிவு. தனிவட்டி, விகிதம், வேலை நாட்கள் போன்றவற்றை வாக்கெடுப்பில் போட்டால் விடையை வைத்துப் பின்னால் இருந்து கணக்குப் போடுவார்கள். அவற்றைத் தாளில் வழிமுறையோடு போட வைத்து, படமெடுத்து அனுப்பச் சொல்வதே சரி. தமிழில் இலக்கணக் குறிப்பு, ஆசிரியர் நூல் பொருத்தம் போன்றவை நன்றாகவே பொருந்தும்.

பழைய கேள்விகளை எடுத்துத் திரும்பப் போடும்போது தேதியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று விடை உள்ள கேள்விகள் இன்னும் பலருடைய சேமிப்பில் கிடக்கின்றன, இப்போது 38. ஆண்டுக்கு எத்தனை கிராம சபைக் கூட்டம் என்ற கேள்வியும் அப்படித்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு இருந்தது, பிறகு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு ஆனது. எண்ணிக்கை, பதவியில் இருப்பவர், திட்டத் தொகை இவற்றைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியின் முனையிலும் மாதமும் ஆண்டும் எழுதிவிடுங்கள். ஓராண்டு தாண்டியதைச் சரிபார்க்காமல் மறுபடி போடாதீர்கள். மாறிவிட்டிருந்தால் பழைய பதிவைத் திருத்திவிட்டு, "சேவ் செய்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரு செய்தி போட்டுவிடுங்கள்.